ஸ்டீம் கணக்கை முழுசா அழிப்பது: எந்த வரிசையில் செய்யணும், எதெல்லாம் திரும்பவே வராது?

மிதவை

வணக்கம். கணினி கேம் வாங்குற கடையான ஸ்டீமில் இருக்கும் என் கணக்கை நிரந்தரமா அழிக்கப் போறேன். கொஞ்ச நாள் மூடி வைக்கிற எண்ணம் இல்லை. என் பெயர், கார்டு, போன் நம்பர், சாட் எல்லாமே அவங்க சர்வரை விட்டுப் போகணும்.

கணக்கில் இருப்பது: நாற்பது சொச்சம் கேம்கள், வாலட்டில் கொஞ்சம் பணம், கவுன்டர் ஸ்ட்ரைக் கேமின் ஆயுத அலங்காரமான ஸ்கின்கள் சில, வொர்க்‌ஷாப்பில் கேமை மாத்தி நான் போட்ட இரண்டு மாட்கள். எல்டன் ரிங் சேவ் ஒன்று இருக்கு, அதை மட்டும் விட மனசில்லை. யூபிசாஃப்ட் கணக்கும் இதோடு இணைச்சிருக்கேன்.

நான் யோசிச்ச வரிசை இது: முதலில் போன் நம்பரையும், உள்நுழைவுக் குறியீடு தர்ற ஆதென்டிகேட்டரையும் எடுத்துடுவேன். அப்புறம் மெயிலை ஒரு உபரி முகவரிக்கு மாத்துவேன். கடைசியா அழிப்புக் கோரிக்கை. இது சரியா?

---

நுண்துகள்

சரியில்லை. கிட்டத்தட்ட தலைகீழாகப் போட்டிருக்கீங்க. இன்னும் எதையும் தொடலைன்னா அப்படியே நிறுத்துங்க.

கணக்கை அழிக்கச் சொல்லும்போது, அது உங்களுடையதுதான்னு ஆதரவுப் பிரிவு உறுதி செய்யப் பார்க்கும். கணக்கைத் திருடினவன் கோபத்தில் அழிச்சிடக் கூடாதுன்னுதான் அந்தச் சோதனை. உங்ககிட்ட இருக்கும் ஆதாரமே அந்தப் பழைய மெயில், போன் நம்பர், ஆதென்டிகேட்டர், பணம் கட்டிய விவரம் இவைதான். இதையெல்லாம் முதல் நாளே கழட்டிட்டு, புது மெயிலிலிருந்து போய் 'அழிச்சிடுங்க'ன்னு கேட்டா, பார்க்கிறவருக்கு அது திருட்டு மாதிரியே தெரியும்.

இரண்டாவது, ஆதென்டிகேட்டரை எடுத்த உடனே உங்க டிரேட்களுக்கு நிறுத்திவைப்பு வந்துடும், 15 நாள் வரைக்கும். ஸ்கின்களை நண்பருக்குக் கொடுக்க நினைச்சா அந்தப் பதினைஞ்சு நாளும் வீண்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் தரவைப் பிரதி எடுக்கணும். அப்புறம் மத்தவங்களுக்குக் கொடுக்கக்கூடியதைக் கொடுத்து முடிக்கணும். பிறகு நீங்க பொதுவெளியில் போட்டதை உங்க கையாலேயே நீக்கணும். அதுக்கப்புறம் கோரிக்கை. மெயிலும் ஆதென்டிகேட்டரும் உறுதிப்பாடு வந்த பிறகு, எல்லாத்துக்கும் கடைசியில்தான்.

பிரதி எடுக்கிற வேலையை விரிவா சொல்றேன், ஏன்னா திரும்ப வராதது அதில்தான் அதிகம். பிரவுசரில் ஸ்டீமுக்குள் நுழைஞ்சு இந்த இரண்டு பக்கங்களையும் திறங்க:

```
https://help.steampowered.com/en/accountdata
https://store.steampowered.com/account/remotestorage
```

முதல் பக்கத்தில் உங்களைப் பத்தி அவங்க வச்சிருக்கிற விவரங்கள் தலைப்பு தலைப்பா இருக்கும். அங்கே ஒரே பொத்தானில் எல்லாம் இறங்கிடும்னு எதிர்பார்க்காதீங்க. ஒவ்வொரு இணைப்பையும் திறந்து சேமிக்கணும். வாங்கிய வரலாற்றைக் கட்டாயம் எடுத்து வைங்க. பின்னாடி ஏதாவது பணத் தகராறு வந்தா உங்ககிட்ட இருக்கப் போற ஒரே சான்று அதுதான். நண்பர்களோடு பேசின சாட்டில் அண்மைய இரண்டு வாரம் மாதிரிதான் கிடைக்கும். அதுக்கு முந்தினதை அந்தப் பக்கத்தில் தேடிப் பயனில்லை.

இரண்டாவது பக்கத்தில் ஸ்டீம் கிளவுடில் கிடக்கும் சேவ் கோப்புகள் கேம் வாரியா இருக்கும், ஒவ்வொன்றா இறக்கிக்கலாம். ஸ்டீம் கிளவுடைப் பயன்படுத்தும் கேம்கள் மட்டுமே அங்கே வரும். எப்பவும் ஆன்லைனில் ஓடும் கேம்களின் முன்னேற்றம் அந்தந்த கம்பெனி சர்வரில் இருக்கு. அதுக்குப் பிரதி எடுக்கிற வழியே கிடையாது, போனால் போனதுதான்.

---

தராசு

இவ்வளவு சிரமம் எதுக்கு? ஜிடிபிஆர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மெயில் போட்டா 30 நாளுக்குள் எல்லாத்தையும் அழிச்சே ஆகணும். 17ஆம் பிரிவு. ஒரு பைட் கூட வச்சிருக்க உரிமை இல்லை. கம்பெனி எங்க இருந்தாலும் இதுதான்.

இன்னொன்று, கணக்கு அழியறதுக்கு முன்னாடி ஆஃப்லைன் மோடில் போட்டு வச்சிட்டா இறக்கிய கேம்களை எப்பவும் விளையாடிக்கலாம். அதனால் கேம்களை இழக்கிறதா நினைச்சு வருத்தப்பட வேண்டாம்.

---

நுண்துகள்

தராசு, பிரிவு எண் சரி. மத்ததில் திருத்தம் தேவைப்படுது.

ஒரு மாதம்ங்கிறது 12ஆம் பிரிவில் வருது. அது கோரிக்கைக்கு என்ன செய்தோம்னு பதில் சொல்ல வேண்டிய காலம். கோரிக்கை சிக்கலானதா இருந்தா காரணம் சொல்லி இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அதே 17ஆம் பிரிவின் கடைசியில் விதிவிலக்குகள் இருக்கு. வேறொரு சட்டம் வச்சிருக்கச் சொன்னாலோ, வழக்குக்குத் தேவைப்பட்டாலோ அந்தத் தரவை வச்சிருக்கலாம். வரி, கணக்குப் பதிவுச் சட்டங்களுக்காக விற்பனை ரசீதுகள் தங்கிடுவது இதனால்தான். அதோடு இது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். அங்கே இருக்கிறவங்களுக்கு இது உரிமை. வெளியே இருக்கிறவங்களுக்கு அவங்க நாட்டுச் சட்டம் என்ன சொல்லுதோ அதுவும், கம்பெனி தானா எல்லாருக்கும் நீட்டித் தர்றதும்தான். கலிஃபோர்னியா சட்டத்தில் இதே வேலைக்கு 45 நாள், தேவைப்பட்டா இன்னொரு 45.

இரண்டு விஷயம் மட்டும் நினைவில் வைங்க. அழிப்புக்குப் பிறகும் ரசீது தங்கும். ஏமாற்று தடுப்புப் பதிவும் தங்கும். தடை வாங்கிய கணக்கை அழிச்சிட்டு புதுசாத் தொடங்கலாம்னு நிறைய பேர் வர்றாங்க, அது நடக்காது. ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி ஏமாற்றுக்காரங்களுக்குப் போடும் வாக் தடை, அந்த நேரத்தில் அதே போன் நம்பரைப் பகிர்ந்த மத்தக் கணக்குகள் மேலயும் விழும். அப்படியான பதிவை ஓர் அழிப்புக் கோரிக்கைக்காக யாரும் தூக்கிப் போட மாட்டாங்க.

ஆஃப்லைன் மோட் விஷயம் பாதிதான் உண்மை. கணினியில் முன்பே சேமிச்ச உள்நுழைவை வச்சு அது கொஞ்ச காலம் ஓடும். ஸ்டீம் கிளையன்ட் ஒரு தடவை ஆன்லைனில் வந்துடுச்சுன்னாலோ, விண்டோஸை மறுபடி நிறுவினாலோ, வட்டு மாறினாலோ அதோடு சரி. திரும்ப நுழையக் கணக்கே இருக்காது. ஸ்டீம் இல்லாமலே தனியா ஓடுகிற கேம்களும் சில உண்டு. கோப்புறையை வேறு இடத்துக்குப் பிரதி எடுத்து, ஸ்டீமை மூடிட்டு எக்ஸிக்யூட்டபிளை நேரா சொடுக்கிப் பார்த்தால் தெரிஞ்சிடும். ஆனால் அப்பவும் உரிமம் முடிஞ்சதுதான். நீங்க வாங்கினது பயன்படுத்தும் உரிமம், அது அந்தக் கணக்கோடு கட்டப்பட்டது. இன்னொரு கணக்குக்கு மாத்தித் தர மாட்டாங்க. பெட்டியில் வந்த குறியீட்டை ஏற்கெனவே போட்டிருந்தால் அதையும் புதுக் கணக்கில் மறுபடி போட முடியாது.

---

மாயா_07

எனக்கும் இதே பிரச்சினைதான்! போனில் ஒரு கோட்டை கட்டுற கேம். தப்பா கட்டிட்டேன், முதலிலிருந்து ஆரம்பிக்கணும். அழிச்சிட்டு மறுபடி போட்டா அதே கோட்டை அதே லெவலில் வந்து நிக்குது. நாலு தடவை அன்இன்ஸ்டால் பண்ணியாச்சு. கணக்கை எப்படி அழிக்கிறது?

---

நுண்துகள்

மாயா, உங்க கேள்வி வேற, ஆனா இங்கேயே சொல்லிடலாம்.

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்வது போனில் இருக்கும் நிரலை மட்டும் எடுக்குது. கோட்டை கம்பெனி சர்வரில் இருக்கு. திரும்ப நிறுவும்போது ஆப் உங்களை எப்படி அடையாளம் காணுதுன்னா, ஆண்ட்ராய்டில் பிளே கேம்ஸ் சுயவிவரம் தானா உள்நுழைஞ்சிடும். அதுவும் இல்லைன்னா, ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப் ஒவ்வொரு ஆப்புக்கும் 25 எம்பி வரைக்கும் கூகுள் டிரைவில் எடுத்து வைக்குது. விருந்தினர் கணக்கின் அடையாளக் குறியீடு அதிலேயே திரும்பி வந்துடலாம். ஐபோனில் கடவுச்சொல் பெட்டகமான கீசெயினில் எழுதி வச்சது ஆப்பை நீக்கினாலும் போகாமல் இருந்துடும்.

உங்களுக்குத் தேவை புது ஆட்டம் மட்டும்தான்னா அழிப்பு வேண்டாம். கேமின் அமைப்புகளில் வேறு கணக்கில் நுழையும் வழி இருக்கான்னு பாருங்க. பழையது போயே ஆகணும்னா அமைப்புகளுக்குள் கணக்கு நீக்கும் வழியைத் தேடுங்க. கணக்கு உருவாக்க விடும் ஆப்கள் அதை ஆப்புக்குள்ளேயே நீக்கவும் வழி வைக்கணும்னு ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கிடுச்சு. கூகுள் பிளேயும் அதையே கேட்குது, கூடவே ஆப்பை நிறுவாமலே கேட்கிறதுக்கு ஒரு வலைப்பக்க இணைப்பும் வேணும்னு சொல்லுது. அந்த இணைப்பு பிளே ஸ்டோரில் கேமின் தரவுப் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும்.

விருந்தினர் கணக்கா இருந்தால் அன்இன்ஸ்டால் செய்யும் முன்னாடியே பிளேயர் ஐடியைக் குறிச்சு வைங்க. மெயில் இல்லாத கணக்குக்கு அந்த எண் ஒன்றுதான் அடையாளம். அது இல்லாமல் போய்க் கேட்டால் அவங்களால் உங்களைக் கண்டுபிடிக்கவே முடியாது. தரவு மட்டும் அங்கே அப்படியே கிடக்கும்.

---

பனிமூட்டம்

மிதவை, ஒரு மாற்றுக் கருத்து. அழிக்கவே வேண்டாம்னு நினைக்கிறேன்.

உங்க நோக்கம் தனிப்பட்ட தரவு குறையணும்ங்கிறதுதானே? சேமிச்ச கார்டை எடுத்துடுங்க. பெயரையும் படத்தையும் மாத்துங்க. சுயவிவரத்தைத் தனிப்பட்டதா வைங்க. நண்பர் பட்டியலைக் காலி பண்ணுங்க. விளையாடாத மத்தக் கணக்குகளோடு உள்ள இணைப்பைத் துண்டியுங்க. மிச்சம் இருப்பது ஒரு மெயில் முகவரியும் வாங்கின வரலாறும். வாங்கின வரலாறு அழிச்சாலும் எப்படியும் ரசீதா தங்கப் போகுதுன்னு நுண்துகளே சொல்றார். அப்போ அழிச்சு நீங்க கூடுதலாப் பெறுவது கொஞ்சம், விடுவது நாற்பது கேம்.

ஒரு குறிப்பிட்ட கேம் லைப்ரரியில் தெரியறதுதான் உறுத்தல்னா, அதை மட்டும் ஆதரவுப் பக்கத்தில் நிரந்தரமா நீக்கலாம். முழுக் கணக்கையும் தொட வேண்டாம்.

---

மிதவை

பனிமூட்டம், யோசிச்சுத்தான் முடிவு எடுத்தேன். தனிப்பட்டதுன்னு வச்சாலும் விளையாடின நேரம், உள்நுழைஞ்ச இடம் எல்லாம் அங்கே சேர்ந்துகிட்டேதான் இருக்கும். கணக்கு யார் கையிலாவது போனால் அதுவும் தொல்லை. அழிக்கிறேன்.

நுண்துகள், வாலட் பணமும் ஸ்கின்களும் என்ன ஆகும்? எல்லாத்தையும் மார்க்கெட்டில் வித்துட்டு மொத்தமாப் பணத்தை எடுத்துடலாமா?

---

நுண்துகள்

மார்க்கெட்டில் விற்ற பணம் வாலட்டுக்குத்தான் வரும், வாலட்டில் இருப்பதை வங்கிக்கு எடுக்க முடியாது. வித்தீங்கன்னா எடுக்க முடியாத பணத்தின் குவியலைப் பெரிசாக்குறீங்க, அவ்வளவுதான். கணக்கு அழியும்போது வாலட் இருப்பும் சேர்ந்து போகும், திருப்பித் தர மாட்டாங்க.

செய்யக்கூடியது இரண்டு. ஸ்கின்களை நம்பகமான நண்பருக்கு டிரேடில் பரிசாக் கொடுத்துடுங்க. அண்மையில் வாங்கினதோ கைக்கு வந்ததோ கொஞ்ச நாள் பூட்டில் இருக்கலாம். பொருளைச் சொடுக்கினா எந்தத் தேதி முதல் டிரேட் செய்யலாம்னு எழுதியிருக்கும். எல்லாத்திலும் பிந்தின தேதியைக் குறிச்சுக்குங்க. கோரிக்கையை அதுக்கு அப்புறம்தான் அனுப்பணும். டிரேடே செய்ய முடியாத பதக்கம், பேட்ஜ் மாதிரியானவை கணக்கோடு போய்விடும்.

வாலட் பணத்தில் நண்பருக்குக் கேம் பரிசா வாங்கி அனுப்புங்க. அவர் ஏத்துக்கிட்டா அந்த உரிமம் அவருடையது. ஆனால் அவர் வேறு நாட்டில் இருந்து அங்கே அந்தக் கேமின் விலை ரொம்ப வித்தியாசப்பட்டால் அனுப்ப விடாது. அண்மையில் ஏதாவது வாங்கியிருந்தா, 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அப்போ வாலட்டுக்கு வேண்டாம், பணம் கட்டின வழிக்கே திருப்பச் சொல்லித் தேர்ந்தெடுங்க. இதைக் கவனிக்காமல் விட்டால் அதுவும் வாலட்டில் சிக்கிக்கும்.

தயவு செய்து வங்கியில் போய் 'இந்தப் பணம் நான் கட்டலை'ன்னு தகராறு எழுப்பாதீங்க. கணக்கு முடக்கத்தில் விழும். முடங்கின கணக்கை அழிப்பது இன்னும் இழுபறி.

இப்போ எல்டன் ரிங். அந்த சேவ் கோப்பு இங்கே இருக்கு:

```
%APPDATA%\EldenRing\<17 இலக்க எண்>\ER0000.sl2
```

அந்தப் பதினேழு இலக்கம் உங்க ஸ்டீம் ஐடி. கேமையும் ஸ்டீமையும் முழுசா மூடிட்டு கோப்புறையோடு பிரதி எடுங்க. ஆனால் பிரதி இருக்குங்கிறதால் நாளைக்குப் புதுக் கணக்கில் கேமை வாங்கி அதைப் போட்டால் உடனே ஓடும்னு நினைக்காதீங்க. அதே எண் கோப்புக்கு உள்ளேயும் எழுதப்பட்டிருக்கு. வேறு ஐடியில் போட்டால் கேம் அதை ஏத்துக்காது. ரசிகர்கள் எழுதின கருவிகளில் அந்த எண்ணை மாத்த முடியும், ஆனால் பழைய எண் என்னன்னு தெரிஞ்சிருக்கணும். அதனால் கோப்புறைப் பெயரை மாத்தாமல் அப்படியே வைங்க.

மத்த கேம்களுக்கு ஸ்டீம் நிறுவின இடத்தில் `userdata` கோப்புறையைப் பாருங்க. அதுக்குள்ள இருப்பது வேற எண் மாதிரி தெரியும். 17 இலக்க எண்ணிலிருந்து இதைக் கழிச்சால் அது வரும்:

```
76561197960265728
```

ஒரே கணினியில் வீட்டில் இரண்டு பேர் நுழைஞ்சிருந்தா எந்தக் கோப்புறை யாருடையதுன்னு இந்தக் கழித்தலில் கண்டுபிடிக்கலாம். சேவ்கள் எல்லாம் அங்கேயே இருக்கும்னு இல்லை. டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா இரண்டிலும் ஒரு பார்வை பாருங்க.

---

செங்கதிர்

இடையில் வர்றதுக்கு மன்னிக்கணும். தம்பிக்கு மைன்கிராஃப்ட் கணக்கு இருக்கு, இனி வேண்டாம்கிறான். மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் கணக்கை மூடுன்னு இருக்கு. அதை அழுத்தினா மைன்கிராஃப்ட் மட்டும் போகுமா? அந்த மெயிலில்தான் வீட்டு லேப்டாப்பும் ஓடுது.

---

நுண்துகள்

அழுத்தாதீங்க. அது கேம் கணக்கு இல்லை, குடைக் கணக்கு. மூடினா மைன்கிராஃப்ட் உரிமம், எக்ஸ்பாக்ஸ் பெயர், அந்த முகவரி அவுட்லுக்கா இருந்தால் மெயில் பெட்டி, ஒன்டிரைவ் கோப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் போகும்.

இதில் ரொம்பப் பேர் கவனிக்காத ஒன்று இருக்கு. லேப்டாப் வட்டு பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் அதன் மீட்புச் சாவி பெரும்பாலும் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கு போனபின் ஒரு நாள் லேப்டாப் சாவி கேட்டு நின்றால் உள்ளே இருக்கும் படங்களை யாராலும் எடுக்க முடியாது. மூடுவதாகவே இருந்தாலும் முதலில் சாவியைத் தாளில் எழுதுங்க, லேப்டாப்பை உள்ளூர் கணக்குக்கு மாத்துங்க, அந்த மெயிலை வச்சு வேறு எங்கெல்லாம் நுழையறீங்கன்னு பார்த்து மாத்துங்க.

மூடும்போது 30 நாளா 60 நாளான்னு கேட்கும். 60 எடுங்க. அதுக்குள்ள நுழைஞ்சு திரும்பத் திறந்துக்கலாம்.

தம்பிக்கு வேண்டாததுன்னா லாஞ்சரை நீக்கிட்டு, சேமிச்ச கார்டையும் எடுத்துட்டு விடுங்க. மாதச் சந்தா ஏதும் ஓடுதுன்னா அதை முதலில் நிறுத்துங்க. போனில் கூகுள், ஆப்பிள் வழியாப் போட்ட சந்தாவும் அப்படித்தான். கேம் கணக்கு அழிஞ்சாலும் ஸ்டோர் மாதாமாதம் பணம் எடுத்துக்கிட்டே இருக்கும், ஏன்னா அந்தச் சந்தா ஸ்டோர் கணக்கோடு கட்டினது.

---

செங்கதிர்

சாவி விஷயம் தெரியவே தெரியாது. பார்த்தேன், லேப்டாப் சாவி அதில்தான் இருக்கு. மூடல, விட்டுட்டோம். நன்றி.

---

மிதவை

ஸ்கின்கள் டிரேட் ஆகும் கடைசித் தேதியைக் குறிச்சாச்சு, ஆதென்டிகேட்டரை அப்படியே வச்சிருக்கேன். வொர்க்‌ஷாப் மாட்கள், நான் எழுதின விவாதப் பதிவுகள், யூபிசாஃப்ட், இந்த மூணும் பாக்கி.

---

நுண்துகள்

கணக்கு அழிஞ்சாலும் விவாதப் பதிவுகள் அழியாது. எழுதினவர் பெயர் மட்டும் போய், எழுத்து அங்கேயே நிற்கும். அதுக்குள்ள உங்க மெயிலையோ, ஊரையோ, வேறு தளத்தில் வைக்கிற பெயரையோ எழுதியிருந்தா அதுவும் நிற்கும். அழிஞ்ச பிறகு அதைத் திருத்த உங்களுக்கு எந்த வழியும் இல்லை. அதனால் இப்பவே ஒவ்வொன்றா நீக்குங்க. சலிப்பான வேலைதான். ரிவ்யூக்கள், ஸ்கிரீன்ஷாட்கள், மத்தவங்க சுயவிவரத்தில் போட்ட கருத்துகள், இவையும் இந்தப் பட்டியலில்தான் சேரும். ஸ்கிரீன்ஷாட்களை நீக்கும் முன் வட்டுக்கு இறக்கிக்குங்க.

மாட்களுக்கு ஒரு முடிவு எடுக்கணும். நீக்கினா சந்தா செய்தவங்க கணினியிலிருந்தும் அது போகும், அவங்களின் சேவ் சில நேரம் திறக்காமல் போகலாம். யாராவது அதைத் தொடரணும்னா மூலக் கோப்புகளை ஒரு நண்பருக்குக் கொடுத்து அவர் கணக்கில் புதுசாப் போடச் சொல்லுங்க. பழைய சந்தாதாரர்கள் தானா அங்கே மாற மாட்டாங்க. விளக்கத்தில் புது முகவரியை எழுதி, கொஞ்ச காலம் விட்டுட்டு அப்புறம் பழையதை எடுப்பது மரியாதை.

யூபிசாஃப்ட் தனிக் கணக்கு. ஸ்டீம் அழிஞ்சா அது அழியாது, அங்கே போய்த் தனியாக் கேட்கணும். 'ஸ்டீம் போனாலும் கேம் யூபிசாஃப்டில் இருக்கும்ல'ன்னு ஒரு நம்பிக்கை வரும். ஸ்டீமில் வாங்கின பதிப்பு திறக்கும்போது ஸ்டீமைக் கேட்கும், அதனால் விளையாட முடியாது. இரண்டையும் அழிக்கிறதா இருந்தா முதலில் யூபிசாஃப்டின் தரவுப் பிரதியைக் கேட்டு வாங்கிக்குங்க. அது கைக்கு வந்த பிறகு அதை அழிங்க, ஸ்டீமைப் பின்னாடி வைங்க. ஏதாவது சிக்கல் வந்தால் கேமை எங்கே வாங்கினீங்கன்னு காட்ட ஸ்டீம் ரசீது உயிரோடு இருக்கட்டும்.

---

தராசு

ஐபோனில் ஆப்பிள் வழியா நுழைஞ்ச கணக்கு உள்ளவங்களுக்கு ஒரு குறிப்பு சொல்லலாமா? ஆப்பிள் தர்ற மறைமுக மெயில் முகவரியில் பதிவு செய்திருந்தால், அமைப்புகளில் போய் அந்த ஆப்பின் இணைப்பை முதலில் நிறுத்திடக் கூடாது. நிறுத்தினா அந்த முகவரிக்கு வரும் மெயில் உங்களுக்கு வராது. கம்பெனி அனுப்பும் உறுதிப்பாட்டு மெயிலும் சேர்ந்து காணாமல் போகும்.

---

நுண்துகள்

தராசு சொன்னது முழுக்கச் சரி. ஃபேஸ்புக், கூகுள் வழி நுழைஞ்சவங்களுக்கும் அதே வரிசை. கேம் பக்கம் அழிஞ்சது உறுதியான பிறகுதான் அந்த அனுமதியை எடுக்கணும்.

மிதவை, இனி கடைசிப் படி. ஸ்டீம் கணக்கு விவரப் பக்கத்தின் அடியில் `Delete my Steam Account` இருக்கும். அது ஆதரவுப் பக்கத்துக்கு அழைச்சுப் போகும், ஆதாரம் கேட்கும். கணக்கில் எப்போதாவது பயன்படுத்திய கார்டின் விவரமோ, பழைய ரசீதோ தயாரா இருக்கட்டும். ஏத்துக்கிட்ட பிறகு 30 நாள் காத்திருப்பு. அந்தக் காலத்தில் மனசு மாறினா ஆதரவுப் பக்கத்தில் ரத்து செய்யலாம். 30 நாள் முடிஞ்சா ரத்தே கிடையாது. கோரிக்கை போனபின் கணக்கைப் பழையபடி புழங்கலாம்னு எண்ணாதீங்க. கொடுக்க வேண்டியதெல்லாம் அதுக்கு முன்னாடி கைமாறியிருக்கணும்.

கோரிக்கைக்கு முந்தின நாள் உள்நுழைவுப் பாதுகாப்புக்கான `Steam Guard` பக்கத்தில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்க. நிறைய கேம் கணக்குகளில் காத்திருப்பு காலத்தில் ஒரே ஒரு உள்நுழைவு போதும், அழிப்பு தானா ரத்தாயிடும். பழைய கணினியிலோ கன்சோலிலோ லாஞ்சர் தானா நுழைஞ்சு அப்படி ஆவதுண்டு. 'அழிஞ்சதா பார்ப்போமே'ன்னு கடவுச்சொல் போட்டுப் பார்க்கிறவங்களும் இப்படித்தான் மாட்டுறாங்க. சோதிக்கவே வேண்டாம், மெயிலுக்காகக் காத்திருங்க.

அழிப்புக்குப் பிறகு ஒரு மாதம் கழிச்சு, தனியுரிமைக் கொள்கையில் இருக்கும் தொடர்பு வழியா ஒரு கடிதம் போடுங்க. உங்க பழைய மெயில், 17 இலக்க எண், அழிப்பு டிக்கெட்டின் எண் மூணையும் எழுதுங்க. இன்னும் எந்தெந்த வகைத் தரவை வச்சிருக்காங்க, எந்தச் சட்டக் காரணத்துக்காக, எவ்வளவு காலம்னு கேளுங்க. யாருக்கெல்லாம் தரவைக் கொடுத்தாங்களோ அவங்களுக்கும் அழிப்பைத் தெரிவிச்சாங்களான்னும் கேளுங்க. ஜிடிபிஆர் பொருந்தும் இடத்தில் 19ஆம் பிரிவு அதைக் கேட்க உரிமை தருது. 'எல்லாம் அழிச்சிட்டோம்'ங்கிற ஒற்றை வரியைவிட, 'ரசீதை இத்தனை ஆண்டு வச்சிருப்போம்'ங்கிற பதில் நம்பத்தக்கது. பேக்கப்புகளில் இருப்பது சுழற்சியில் பழசு மேல புதுசு எழுதப்படும்போதுதான் போகும், அதுக்குக் கூடுதல் காலம் எடுப்பது இயல்பு.

இந்தப் பதில் வந்து சேரும் வரைக்கும் பழைய மெயில் பெட்டியை மூடாதீங்க.

---

பனிமூட்டம்

இத்தனையும் செய்து முடிச்சாலும் வெளித் தளங்கள் இருக்கே. தரவரிசைத் தளங்கள், சுயவிவரம் பொதுவில் இருந்தப்போ இழுத்து வச்ச நகல்கள், மத்தவங்க எடுத்த வீடியோக்கள். ஸ்டீம் அழிச்சால் அவை அசையாது. என் நிலைப்பாடு மாறலை. கணக்கை வெறுமையாக்கி வச்சிருந்தா அந்தத் தளங்களில் 'இது என் கணக்கு'ன்னு நுழைஞ்சு நீக்கச் சொல்லலாம். அழிச்சபின் நிரூபிக்கவே முடியாது.

---

நுண்துகள்

இதில் பனிமூட்டத்தின் வாதத்துக்கு எடை இருக்கு. அப்படிப்பட்ட தளங்களில் பல 'ஸ்டீம் வழியா நுழை'ன்னுதான் உங்களை அடையாளம் காணும். அதனால் மிதவை, கோரிக்கை அனுப்பும் முன் உங்க 17 இலக்க எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுபொறியில் தேடுங்க. வர்ற தளங்களில் ஒவ்வொன்றிலும் நுழைஞ்சு நீக்குங்க, பிறகு அழிப்புக் கோரிக்கையை அனுப்புங்க. வேண்டுமானால் இதுக்காகவே கோரிக்கையை இரண்டு வாரம் தள்ளிப் போடலாம்.

ஆனா முழு அழிப்பே தப்புங்கிறதை நான் ஏத்துக்கலை. கைவிட்ட கணக்கு திருடப்படும் வாய்ப்பு எப்பவும் இருக்கு, யாரும் கவனிக்காத மெயிலோடு கட்டியிருந்தால் இன்னும் அதிகம்.

---

மிதவை

எண்ணைத் தேடினேன். எனக்கே மறந்துபோன மூணு தளங்கள் வந்தது. இரண்டில் நீக்கும் வசதி இருந்தது, முடிச்சிட்டேன். மூணாவதில் ஸ்டீம் நுழைவு இருக்கு, ஆனால் நீக்கு பொத்தானே இல்லை. தொடர்பு மெயிலுக்கு எழுதியிருக்கேன். அவங்க பதில் தர்ற வரைக்கும் அழிப்புக் கோரிக்கையை நிறுத்தி வைக்கிறேன். பதிலே வரலைன்னா எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?

---

பனிமூட்டம்

வர்ற வரைக்கும் காத்திருங்க. கணக்கு கையில் இருக்கும் வரைதான் உங்க பேச்சுக்கு மதிப்பு.

---

நுண்துகள்

நான் ஒரு மாதம்னு வைப்பேன். ஸ்டீமுக்குள் நுழைஞ்ச நிலையில் அந்தத் தளத்தில் உங்க பக்கம் தெரியற மாதிரி முழு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முகவரியும் தேதியும் தெரிய வைங்க. கணக்கு போன பிறகும் அது உங்களுடையதுன்னு காட்ட அது ஓரளவு உதவும். சுயவிவரத்தை இப்பவே தனிப்பட்டதா மாத்துங்க. ஸ்டீமிலிருந்து நேரா இழுக்கிற தளமா இருந்தால் அடுத்த தடவை புதுப்பிக்கும்போது புது விவரம் போகாது.

---

மிதவை

மாத்திட்டேன். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்தாச்சு. மாட் விளக்கத்தில் நண்பரின் புது இணைப்பையும் போட்டுட்டேன். அந்த மூணாவது தளம் என்ன சொல்லுதுன்னு இங்கே எழுதறேன்.